மாமியாரின் முரட்டுக் குடை

மாமியாரின் குடையைக் கேட்காமல் எடுத்தது புது மாப்பிள்ளையின் முதல் தப்பு. விரியாமல் பாதியில் நின்ற குடையை முழு பலத்தோடு தள்ளியது இரண்டாவது தப்பு. இனி அது விரியவும் விரியாது, மடங்கவும் மடங்காது. "எங்க மாப்பிள்ளை ரொம்பப் பொறுப்பானவரு" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாரே, அந்தப் பேர் போய்விடுமே!

அரைகுறையாக விரிந்த குடையோடு பஸ்ஸில் எப்படி ஏறுவது? நடந்தே கடைத்தெருவுக்குப் போனான். பை, குடை தைக்கும் அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடையோட சண்டையா தம்பி? யாரு ஜெயிச்சது?"

"சாயங்காலத்துக்குள்ள சரியாயிடணும்மா. மாமியாரோடது."

"அட பாவமே!" என்று சிரித்தபடி குடையைக் கவிழ்த்தாள். ஒரு கம்பி வளைந்து, தண்டில் ஏறி இறங்கும் வளையத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. "வளையத்தை இப்ப தள்ளினா இன்னொரு கம்பியும் போயிடும். முதல்ல இதை நிமித்தணும்."

வளைவுக்கு இரு பக்கமும் குறடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் கம்பி ஒடிந்துவிடும் என்றாள். நிமிர்ந்த இடம் நோஞ்சானாக இருந்ததால், அதன் மேல் சின்னத் தகடு சுற்றி இறுக்கினாள். வளையம் நேராயிற்று, ஆனாலும் அசைய மறுத்தது.

"தண்டுல துரு. இது நேத்து வந்ததில்ல, ரொம்ப நாளா இருக்கு. அப்படியே விடட்டுமா?"

"எல்லாத்தையும் சுத்தமாப் பண்ணிடுங்க!" என்றான், பெரிய மனிதன்போல.

மண்ணெண்ணெய்த் துணியால் துருவை ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மெழுகு தடவினாள். வளையம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் வெளியே கிளம்பிய மாமியார், கூடத்திலேயே குடையைத் திறந்தார். தண்டை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, வழக்கம்போல ஒரே தள்ளு. குடை படாரென்று விரிந்து, பக்கத்தில் இருந்த மாமனாரின் டீயைத் தட்டிவிட்டது.

"ஐயோ! இதை யாரு சரி பண்ணினது?"

மாமனார் நனைந்த சட்டையோடு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"நீங்களா மாப்பிள்ளை? எத்தனை வருஷமா இந்த மனுஷன்கிட்ட தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்! நீங்கதான் பொறுப்பான ஆளு!"

பேர் தப்பித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த மலர்ந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அத்தை... கேட்காம எடுத்தேன். உடைச்சதும் நான்தான். அதான் சரி பண்ண வேண்டியதாப் போச்சு."

மாமியார் ஒரு நிமிஷம் அவனை முறைத்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? உடைச்சாவது ஒருத்தர் சரி பண்ணிட்டாரு. நீங்க உடைக்கக்கூட இல்லையே!"