முப்பது என்று எழுதியவர்கள்

வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பெண் அவள். வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. அவளைப் "புதுசு" என்றார்கள். அதுவும் கூப்பிட அல்ல, அடையாளம் சொல்ல.

அன்று அறிவியல் டீச்சர் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். ஜோடிக்கு ஒரு டார்ச், பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு காகிதப் பூனை. டார்ச்சின் முன்மூடியைக் கழற்றியிருந்ததால், குட்டி பல்பு மட்டும் எரிந்தது. அதிலிருந்து சுவருக்குச் சரியாக நூறு சென்டிமீட்டர். முதலில் நிழலின் உயரத்தை ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது என்றார் டீச்சர்.

புதுசுக்குப் பூனையைப் பிடிக்க ஆளில்லை. டார்ச்சைப் புத்தகங்கள் மேல் வைத்தாள். பூனையைப் பென்சிலில் ஒட்டி, பென்சிலைக் களிமண்ணில் குத்தி நிறுத்தினாள்.

பல்பிலிருந்து ஐம்பதில் வைத்தபோது நிழல் இருபது வந்தது. அடுத்து இருபத்தைந்தில். கிட்டே வந்தால் இன்னும் பத்து கூடும் என்று நினைத்து முப்பது என்று எழுதினாள். அளந்தால் நாற்பது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். விடை சரியாக இருந்தால் யாராவது தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. ரப்பரால் அழித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள்.

"முப்பதுன்னு எழுதினவங்க கை தூக்குங்க," என்றார் டீச்சர்.

வகுப்பே கை தூக்கியது. ஒருவரை ஒருவர் பார்த்து, நீயுமா நீயுமா என்று சிரித்தார்கள். முன்பெஞ்சுக்காரி பின்னால் திரும்பி யாரோடோ கையைத் தட்டிக்கொண்டாள். தூக்காத கை புதுசுடையது மட்டும்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. டீச்சரும், தூரம் பாதியானால் நிழல் இரண்டு மடங்காகும் என்று சொல்லிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போய்விட்டார்.

அழிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பில் அவளும் இருந்திருப்பாள்.

கடைசியாக இருபது சென்டிமீட்டரில். இருபது, நாற்பது, ஆகவே அறுபது என்று எழுதினாள். ஐம்பதுதான் வந்தது. நூறில் ஐந்து இருபது இருக்கிறது, அதனால் பூனை ஐந்து மடங்காகும் என்று டீச்சர் விளக்கினார். ரப்பர் பக்கத்திலேயே கிடந்தது. அவள் தொடவில்லை.

"அறுபது எழுதினது யாரு?"

அவள் கையைத் தூக்கினாள். ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு கை எழுந்தது, எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்காரனுடையது. மற்றவர்கள் சிரிக்கவில்லை, மணி அடிக்கிற நேரம், பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் அவள் படிக்கட்டில் தனியாகத்தான் சாப்பிட்டாள். விளையாடப் போகிற வழியில் சோடாபுட்டி அவள் முன் நின்றான்.

"நீயும் அறுபதா?"

"ஆமா. இருபது இருபதா கூடும்னு நெனச்சேன்."

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றான்.

பிறகு தன் கூட்டாளிகளிடம் ஓடிவிட்டான்.