அரபியில் போன பத்திரிகை

மஸ்கட்டில் ஒரே வீட்டுக்குப் பல வருஷம் கார் ஓட்டிவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பியவர் பூபாலன். அந்த வீட்டு முதலாளி சலீம், மனைவி மரியத்தின் வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தார். கடைசிப் பெண் ஷாலினியின் கல்யாணத்துக்கு அவர்களை அழைக்காமல் விட பூபாலனுக்கு மனசு வரவில்லை.

பத்திரிகையைப் போட்டோ எடுத்து, போனிலேயே அரபிக்கு மாற்றினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தால் பகீரென்றது. 'தெய்வத்திரு' போட்டிருந்த அப்பா, அரபியில் தெய்வமாகவே ஆகியிருந்தார். 'திருநிறைச்செல்வி' பெரும் பணக்காரி ஆகியிருந்தாள்.

அத்தை மகன் ஆதிகேசவன் மஸ்கட்டில் அரபியில் மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் இருந்தான். அவனுக்குப் போட்டோவை அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"பெரியவருக்கு 'ராஹில்'னு போட்டுடலாம், காலமானவர்னு அர்த்தம். பொண்ணுக்குக் 'கரீமா'. இன்னாரோட மதிப்புக்குரிய மகள்னு சொல்றது. பின்னாடியே பேரைச் சேத்துடறேன். இங்க சில வீட்டுல பேரே போட மாட்டாங்க, கரீமாவோட நிறுத்திக்குவாங்க. நமக்கு எதுக்கு அது?"

"நீயும் அப்படியே நிறுத்து பாவா. பொண்ணோட அம்மா, அம்சா பேரும் வேணாம். நம்மள மரியாதை தெரிஞ்சவன்னு நினைக்கணும்."

"மேல இருக்கிற முருகன் துணை?"

"சாமி பேரை எடுக்கலாமா? அது இருக்கட்டும்."

அரபியையும் போட்டோவையும் சேர்த்தே சலீமுக்கு அனுப்பினார்.

வரவேற்பன்று சலீமும் மரியமும் வந்தார்கள். பூபாலன் நெஞ்சை நிமிர்த்தி மேடைக்குக் கூட்டிப்போனார். மரியம் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷாலினி" என்றாள். பிறகு பூபாலன் பக்கம் திரும்பி, அரபியில் கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரிடம் போட்டோவைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். உங்கள் பத்திரிகையில் பெண் பேரும் இருக்கிறது, தாய் பேரும் இருக்கிறது. எங்களுக்கு எழுதிய அரபியில் மட்டும் ஏன் எடுத்தாய்? என் வீட்டில் உன்னை அந்நியனாகவா நடத்தினோம்?"

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

"இன்னா நைனா சொல்றாங்க?" என்றாள் ஷாலினி.

"வாழ்த்துறாங்கம்மா."

"வாழ்த்துனா எதுக்கு உனுக்கு மூஞ்சி இப்படிப் போவுது?"

பூபாலன் வேட்டி முனையை இழுத்துவிட்டுக்கொண்டார். பொய்யை நீட்ட முடியவில்லை. மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மாலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அம்மா பேருமா?"

"ஆங்."

பக்கத்தில் நின்றிருந்த அம்சா சந்தனக் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். மரியம் அவளைப் பார்த்து, "அம்சா?" என்று கேட்டாள். அம்சா தலையாட்டினாள். மரியம் மாப்பிள்ளை பேரையும் ஷாலினி பேரையும் சொல்லி, "பாரகல்லாஹு லகுமா" என்று இருவரையும் வாழ்த்தினாள். அதன் பொருளைத் தமிழில் சொல்ல எல்லாரும் பூபாலனைப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் ஆண்டவன் ஆசீர்வதிக்கட்டும்னு சொல்றாங்க" என்றார். மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.