யார் லீவு, யார் தெரு

துரைக்கு வெண்ணிலா தர வேண்டியது தொள்ளாயிரத்து எண்பது ரூபாய். மஞ்சள் காமாலையில் அவள் படுத்துக் கிடந்த இரண்டு வாரமும் அவளுடைய தெருக் குப்பையை அவர்தான் அள்ளினார். சம்பளம் அவள் பேரில் வந்தது, மருந்துக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு பொழிச்சலூர் குடியிருப்போர் சங்கம் அவளைச் சூப்பர்வைசர் ஆக்கியது. அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது குப்பை வண்டி இழுக்கும் ஏழு பேருக்கும் ஒரு நாள் பயிலரங்கு நடத்தச் சொன்னது சங்கம். திட்டம் போட்டுக் கொடுக்கத் தாம்பரத்திலிருந்து பயிற்சியாளர் செல்வமேரி வந்தார். நோக்கம் என்ற இடத்தில் வெண்ணிலா 'ஒற்றுமை' என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஒற்றுமை வந்துச்சா இல்லியான்னு சாயங்காலம் எப்படிம்மா கண்டுபிடிப்பே? போறப்ப கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு சொல்லு."

வெண்ணிலா யோசித்தாள். "ஒருத்தர் லீவு போட்டா அவங்க தெருவ யாரு பாக்குறது, காசு யாருக்கு. தெனம் அதான்க்கா பேஜாரு."

"அதையே எழுது."

காலைக் குப்பை முடிந்து பத்தரைக்கு ஆரம்பம். முக்கால் மணி நேரம் இரண்டு மூன்று பேராகப் பட்ட கஷ்டத்தைப் பேசுவது. டீ. பதினொன்றரைக்குத் தரையில் சாக்பீஸால் தெருக்களை வரைந்து மாற்று ஆள் பிரிப்பது. ஒன்றுக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்குப் பணத்துக்கு விதி. மூன்றரைக்கு, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது.

"லெக்சர் அடிக்காதே," என்றார் செல்வமேரி. "கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கோ. யாரும் பேசலன்னா பயமா இருக்கும். பொறுத்துக்கோ."

அந்த நாளும் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெண்ணிலா கேட்டாள்: "அடுத்தவங்க தெருவப் பாத்துட்டு, காசு கெடைக்காம யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லோரும் சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்றத்தான் இத்தனை பேரும் பேசாமல் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது.

"துரை அண்ணனுக்கு நான் தரணும்," என்றாள். "ரெண்டு வாரக் கூலி."

"இத்த இப்ப யாரு கேட்டா?" என்றார் துரை. "என் சம்சாரம் செத்தப்போ பதினாறாம் நாள் வரிக்கும் என் தெருவுல வண்டி இஸ்த்தது யாரு? நீதானே. அதுக்கு நான் இன்னா குட்த்தேன்?"

அதை ஒரு வேலையாக அவள் நினைத்ததே இல்லை. "அது சாவு வூடுண்ணா."

"காமாலை மட்டும் இன்னா, கல்யாண வூடா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அவரவர் கதை வெளியே வந்தது. விதியும் அதிலிருந்தே பிறந்தது: ஒன்றாம் தேதி முதல், மாற்றாக வண்டி இழுக்கப் போனவர் பேரிலேயே கூலி. வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்தில் சம்மதம் வாங்குவது வெண்ணிலா. யாராவது லீவு சொன்னால் மாற்று ஆளுக்குத் தகவல் சொல்வது துரை. சரியாக நடக்கிறதா என்று ஒரு மாதம் கழித்து மறுபடி கூடிப் பார்ப்பது.

பாய் சுருட்டும்போது வெண்ணிலா மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்தத் துட்டுண்ணா?"

"பதினாறுல ரெண்டு வாரம் போச்சுன்னா நாந்தான் ரெண்டு நாளு பாக்கி," என்றார் துரை. "அத்தையும் சேத்து வுட்டுட்டு அந்தப் பக்கம் புடி."