ஏ வகுப்பில் ஒன்று குறைவு

என் அக்கா புருஷன் கங்காதரன் பாவாவுக்குத் திருத்தணியில் விசைத்தறி உதிரிபாகக் கடை. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு தறிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வருவார்கள். போன ஆடிக் கிருத்திகைக்கு மலையைச் சுற்றி சாலைகளை அடைத்தார்கள். நாலு நாள் பார்சல் லாரி ஊருக்குள் வரவில்லை. அதற்கு முதல் நாளே எங்கள் கடையில் பிக்கர் தீர்ந்துபோயிருந்தது. பிக்கர் என்பது ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடித்துத் தள்ளும் கையகலச் சாமான். அது தேய்ந்தால் தறி நின்றுவிடும். தறிக்காரர்கள் ஆந்திரப் பக்கம் நகரிக்குப் போய் வாங்கினார்கள். போனவர்களில் சிலர் எங்கள் கடைக்குத் திரும்பியே வரவில்லை. அதே சமயம் எங்கள் பரணில் யாருக்குமே வேண்டாத, துணியில் டிசைன் போடும் டாபிப் பெட்டிகள் நாலு, ஒவ்வொன்றின் விலையும் ஒரு ஆளின் மாசச் சம்பளம், சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

நான் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவள். குழந்தைக்காக வேலையை விட்டு ஊரோடு வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் இருந்தவள். இதைப் பார்த்ததும் எனக்குக் கை நமநமவென்றது. பாவாவிடம் போய், கடையை மூன்றாகப் பிரித்துத் தருகிறேன் என்றேன். பாகப்பிரிவினையா என்று அவர் பயந்துபோனார்.

ஒரு வருஷத்து பில்லை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எழுநூற்றி இருபது வகைச் சரக்கு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எத்தனை போகிறது, அதை அதன் விலையால் பெருக்கினால் எவ்வளவு என்று பெரிதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்தினேன். அந்தப் பட்டியல் திரையில் வந்து நின்ற நிமிஷத்தை மறக்க மாட்டேன். மேலே இருந்த வெறும் எழுபத்திரண்டு வகைதான் கடையின் முக்கால் பங்கு வியாபாரம். அது ஏ. அடுத்த நூற்றைம்பது, பி. மிச்சம் ஏறக்குறைய ஐந்நூறும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது சி. பொடிசு விலையுள்ள பிக்கர், ஆயிரக்கணக்கில் போவதால், மோட்டாரோடு ஏ வகுப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ராஜா விலை டாபிப் பெட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒன்று போவதால், சி-யில் கடைசி பெஞ்ச். பாவாவை இழுத்து வந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சட்டங்களும் நானே போட்டேன். சி சரக்கை வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணினால் போதும், நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே இருந்தாலும் மன்னிப்பு. நட்டு, போல்ட்டு, வாஷருக்கெல்லாம் இரண்டு டப்பா. ஒரு டப்பா காலியானால் அடுத்ததைத் திறந்துவிட்டு மொத்தமாக ஆர்டர். பி-க்கு மூன்று மாசத்துக்கு ஒரு எண்ணிக்கை, மாசம் ஒரு ஆர்டர். ஏ-தான் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு வகையும் வாரம் ஒரு தடவை எண்ணியாக வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. குவித்து வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும், ஆனால் தீரவும் விடக் கூடாது. மோட்டார் வாரத்துக்குப் பத்து போகிறது, வந்து சேர ஒரு வாரம், மேல் காவலுக்கு ஏழு. ஆகப் பதினேழைத் தொட்டதும் ஆர்டர். கிருத்திகை மாதிரி லாரி வராத நாட்களுக்கு முன்னால் இந்தப் பதினேழை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சட்டம். சரக்கை வைத்திருப்பவர் அதை எண்ணக் கூடாது. குடோன் சாவி பத்தொன்பது வருஷமாக டில்லிபாபு இடுப்பில். பள்ளிப்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். எந்தத் திருகாணி எந்த மூலையில் என்று இருட்டிலும் எடுப்பார். ஆகவே ஏ வகுப்பை யார் எண்ணுவது? முதலாளியே எண்ணட்டும் என்றேன். நாளுக்குப் பன்னிரண்டு வகை, ஆறு நாளில் முடிந்துவிடும். பாவாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் டில்லிபாபுவும் உட்கார்ந்து ஏ வகுப்பு முழுக்க எண்ணி, இருப்பைக் கம்ப்யூட்டரில் போட்டோம். திங்கட்கிழமை பாவா முதல் பன்னிரண்டை எண்ணினார். பன்னிரண்டிலும் குறைவு. இரண்டாம் தடவை எண்ணினார், அதே கணக்கு. செவ்வாய்க்கிழமை அடுத்த பன்னிரண்டு. அதிலும் குறைவு. பிக்கரில் முழுசாக ஒரு பெட்டி, அதாவது நூறு. மோட்டாரில் மூன்று.

அன்று மூன்று மணிக்கு, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, பாவா கையை நீட்டி சாவியைக் கேட்டார். டில்லிபாபு அவிழ்த்துக் கொடுத்தார். பாவா எண்ணிக்கைத் தாளை அவர் முன்னால் போட்டார்.

"ஞாயித்துக்கெழம இருந்த சரக்கு திங்கக்கெழம எப்டிடா கொறையும்? சாவி உன் கைல தான இருந்துச்சி. நாளைலேர்ந்து வராத."

டில்லிபாபு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என்னோடு உட்கார்ந்து எண்ணிய மனுஷன். அப்புறம் சாப்பாட்டு டிபனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். பத்தொன்பது வருஷம் யாரும் சந்தேகப்படாத ஆளை, என் சட்டம் இரண்டே நாளில் திருடனாக்கிவிட்டது. நாம் சேர்ந்து மறுபடி எண்ணலாம் பாவா என்றேன். நான் இரண்டு தபா எண்ணியதற்கு மேல் நீ என்ன எண்ணப்போகிறாய் என்று சீறிவிட்டு, குடோனைப் பூட்டி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் பதினேழுக்குக் கீழே போய்விட்டதாம், உடனே ஆர்டர் போடு என்று வேறு ஏவினார்.

என் கையில் மிஞ்சியது அந்தத் தாள்தான். வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்துநாலு வகை. ஒன்று விடாமல் குறைவு. எந்தத் திருடனாவது இத்தனை ஒழுங்காக, எதையும் விட்டுவைக்காமல் கைவைப்பானா? காசாகிற மோட்டாரை எடுப்பான், அரை ஆள் கனமுள்ள, பாவு சுற்றும் பீமின் விளிம்புத் தட்டை எதற்கு எடுக்கிறான்? அதிலும் ஒரே ஒன்று?

தாளில், சரக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். விரலை வைத்து ஓட்டினேன். நாடா, குடோனில் ஓரிடம்; குறைவு ஒன்று. ஸ்டார்ட்டர் குடோனிலும் பரணிலும், இரண்டிடம், குறைவு இரண்டு. மோட்டார் குடோன், பரண், கடை முகப்பு என்று மூன்றிடம். இருப்பு பத்தொன்பது, பாவா கணக்கு பதினாறு. குறைவு மூன்று. பிக்கர் ஓரிடம்தான், ஆனால் பாவா அதைப் பெட்டி பெட்டியாக எண்ணுகிறார். குறைவு ஒரு பெட்டி.

திருட்டு சரக்கைப் பார்த்துப் போகவில்லை. இடத்தைப் பார்த்துப் போகிறது. எண்ண ஆரம்பிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று காணாமல் போகிறது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் டீ கொட்டியது. மணி நாலே கால். டில்லிபாபு போன பிறகு முதல் பள்ளிப்பட்டு பஸ் நாலரைக்குத்தான்.

கல்லாவில் இருந்த பாவாவிடம் போய், முகத்தை எவ்வளவு சாதுவாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதுவாக வைத்துக்கொண்டு, முகப்பில் இருக்கிற மோட்டாரை மட்டும் எனக்காக ஒரு தடவை எண்ணிக் காட்டுங்கள், ஆர்டர் போடத்தான் என்றேன். முனகிக்கொண்டே எழுந்து வந்தார். அங்கே ஐந்து மோட்டார் வரிசையாக இருந்தன. ஐந்து என்று எனக்குத் தெரியும், நானே துடைத்து அடுக்கியவை.

பாவா முதல் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தார். மலையிருக்கிற திசைக்குத் திரும்பி ஒரு நொடி கண்ணை மூடினார். "லாபம்" என்றார்.

அடுத்ததைத் தொட்டார். "ஒன்னு."

"ரெண்டு. மூணு. நாலு. நாலு தான கீது. போட்டுக்க."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கடையில் நின்ற தறிக்காரர் ஒருவர் முதலில் கொல்லென்று சிரித்துவிட்டார். வியாபாரிகள் எல்லாரும் முதல் உருப்படிக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அடுத்தது இரண்டு. பாவாவோ லாபத்தைச் சாமிக்குச் சொல்லிவிட்டு, கணக்கை அதற்கப்புறம்தான் தொடங்குகிறார். வருஷக் கடைசியில் ஆயிரம் நட்டுக்கு ஒரு நட்டு குறைந்தால் யார் கண்டது? ஏ வகுப்புக்கு ஒன்றும் குறையக் கூடாது என்று வைத்ததால்தான் இது வெளியே வந்தது.

"பாவா, லாபத்தையும் எண்ணணும்," என்றேன்.

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஐந்து மோட்டாரையும் பார்த்தார். உதட்டை மட்டும் அசைத்து மறுபடி எண்ணினார். முகம் வெளிறிப்போனது. சிரித்த தறிக்காரர் சும்மா இருக்காமல், முதலாளி கையால் நட்டு வாங்கினால் எப்போதும் ஒன்று கூட வரும், பொதட்டூர்பேட்டை முழுக்க அது தெரியும், தர்மவான் என்று நினைத்திருந்தோமே என்றார்.

நான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பாவா ஓடிவந்து பின்னால் ஏறினார். அவர் என் ஸ்கூட்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. பைபாஸ் முனையில் சிக்னல், நடுவில் ஒரு கரும்பு டிராக்டர், நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பள்ளிப்பட்டு பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பாவா இறங்கி, ஐம்பத்தாறு வயசில், வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் டில்லிபாபு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, சாவியை அவர் மடியில் போட்டார்.

"சரக்கு செரியா கீதுடா டில்லி. நான்தான் தப்பா எண்ணிகினு இருந்தேன். மனசுல வெச்சிக்காத."

டில்லிபாபு சாவியைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார். பஸ் போய்விட்டது. வருவானா என்று பாவா என்னைக் கேட்டார். கடை நிறைய ஆட்கள் முன்னால் சாவியைக் கேட்டீர்களே என்று மட்டும் சொன்னேன். எனக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை எட்டரைக்குக் கடை திறந்தோம். வழக்கமாக டில்லிபாபு எட்டே காலுக்கே வந்து நிற்பார். ஆள் இல்லை. அன்றைய பன்னிரண்டு வகையை எண்ண வேண்டும், குடோன் சாவியோ பள்ளிப்பட்டில். முகப்பில் இருப்பதையாவது எண்ணுவோம் என்று தாளை எடுத்தேன். பாவா பெல்ட் கட்டு முன்னால் போய் நின்றார். உள்ளங்கையை வைத்தார், மலைப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினார்.

"லாபம்," என்றார்.

அடுத்ததன் மேல் கை போனது. "ஒன்னு" என்று வந்த வாயை இழுத்துப் பிடித்தார். நாற்பது வருஷப் பழக்கம், அதற்குப் பதில் வர வேண்டியது வரவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

வாசல் படியில் டிபன் டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

"ரெண்டுணா," என்றார் டில்லிபாபு.