ஆச்சு என்றொரு பதில்

என் அத்தானுக்குத் தோள் இறுகிப்போனதில் குழந்தைகளுக்குத்தான் கொண்டாட்டம். வலது கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. முடி வெட்டுகிற மனிதருக்கு இது போதாதா? வளர்ந்த ஆட்களின் தலை எட்டவில்லை என்று பொடிசுகளை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்களை அடுத்த தெருக் கடைக்கு அவரே வழி சொல்லி அனுப்பினார். அந்தக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? உங்கள் கடையை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா புருஷனுக்கே கையைத் தூக்கிவிட முடியாவிட்டால் நான் எதற்கு கிளினிக் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்? சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்லச் சுவரேற வேண்டும். தினமும் செய்ய வேண்டும். தலையை ஆட்டுவார், செய்ய மாட்டார்.

கிளினிக்கில் அப்போதுதான் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தேன். மதியம் செல்போனில் நினைவூட்டல் போகும். சாயங்காலத்துக்குள் பயிற்சி முடித்துப் பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால், நோயாளி தானே வாக்குக் கொடுத்தபடி ஒரு சின்ன நன்கொடை. சிலருக்கு இது நன்றாகவே பிடித்துக்கொண்டது. அத்தானையும் சேர்த்தேன். தெருநாய்க் காப்பகத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். அங்கேதான் கோட்டை விட்டேன். மனிதர் நாயைக் கண்டால் கடையையே மறப்பவர். முதல் வாரம் முழுக்கப் பதிலே இல்லை. காப்பகத்திலிருந்து நன்றி சொல்லி ஒரு குட்டியின் படம் அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கை ஏறவில்லையே என்று கேட்டால், புண்ணியமாவது ஏறுதே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குட்டியையே கடித்திருப்பேன்.

கொடுப்பதில் சந்தோஷம் இருந்தால் அது எப்படித் தண்டனையாகும்? கசக்கிற மாதிரி ஒன்று வேண்டும். யோசித்துப் பார்த்ததில் என் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அத்தானுக்கும் அவருக்கும் நடுவே சகலைகளுக்கே உரிய பாசம் உண்டு, அதாவது ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். இனிமேல் பதில் வராத நாளுக்கு மறுநாள் காலையில் அத்தான் வந்து எங்கள் ஸ்கூட்டரைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று மாற்றினேன். என் வீட்டுக்காரர் அன்றே வண்டியைச் சேற்றில் ஓட்டிவிட்டு வந்தார்.

ஆனால் ஸ்கூட்டர் அப்படியே கிடந்தது. மதியம் "ஆச்சா?" என்று என் நினைவூட்டல் போன மறு நிமிடமே "ஆச்சு" என்று பதில் வந்தது. ஒரு நாள் தவறவில்லை. என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. நானோ தலைகால் புரியாமல் ஆடினேன். நன்கொடை வேலைக்காகாது, மானம்தான் வேலை செய்யும் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

பிறகு அவர் கையைத் தூக்கி அளந்து பார்த்தேன். பழைய இடத்திலேயே நின்றது.

பொய் சொன்னீர்களா என்று கேட்டேன். அத்தானுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது.

"பொய்யா? நாற்காலில உக்காந்தவங்க ஆச்சா ஆச்சான்னு கேப்பாங்க. பாதித் தலை பாக்கி இருக்கும், ஆச்சு சார், ஆச்சுன்னுதான் சொல்லுவேன். அது பொய்யாம்மா? இதோ செய்யப்போறேன்னு அர்த்தம்."

"அப்போ எப்போ செய்வீங்க?"

"கடை மூடினதும்னு நினைப்பேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை வருஷத் தொழில் பழக்கம், கேள்வி வந்ததும் வாய் தானாக விடை சொல்லிவிடுகிறது. தப்பு என்மேல்தான். "ஆச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்லாத ஆள் எங்கே இருக்கிறார்?

கேள்வியை மாற்றினேன். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் கட்டண விவரம் வரிவரியாக எழுதியிருக்கும். கீழே மீசை, அதற்கு மேல் ஷேவிங், பிறகு குழந்தைகளுக்கு, மசாஜ், டை, உச்சியில் கட்டிங். விரல் எந்த வரி வரைக்கும் ஏறியது என்று எழுத வேண்டும். செய்து பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாய்க்கு வந்ததை அடித்துவிடலாம்தான், அதற்காக மதியச் சாப்பாடு கொண்டுபோகும் அக்காவைச் சாட்சியாக நிற்கவைத்தேன். அக்கா எதிரில் பொய் சொல்ல அத்தானுக்குத் தைரியம் போதாது.

அன்று "ஷேவிங்" என்று வந்தது. இரண்டு நாள் கழித்து "குழந்தைகளுக்கு". கடைக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்த்தார்கள், இன்றைக்கு மசாஜா டையா என்று கேட்டார்களாம். "மசாஜ்" என்று வந்த அன்று என் வீட்டுக்காரரே போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். நான் மனசுக்குள் மேளம் கொட்டினேன்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு மதியம் பதில் வரவில்லை. மறதிதானே, ஸ்கூட்டர் துடைக்கட்டும் என்றிருந்தேன். சாயங்காலம் கெடு முடியும் நேரத்தில் ஒரு வரி வந்தது.

"ஷேவிங். இறங்கிடுச்சு. ரொம்ப வலிக்குது."

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். அத்தான் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரம் நின்றாள். முந்தின நாள் உற்சாகத்தில் "டை"யை எட்டிவிட வேண்டுமென்று வலியோடு இழுத்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவரே பேசினார்.

"இதுக்குத்தான்மா முதல்லேயே செய்யலை. செஞ்சு பாத்து, ஏறலைன்னா? செய்யாத வரைக்கும், செஞ்சா ஏறிடும்னு நினைச்சுக்கலாம் இல்ல?"

எனக்குச் சுரீர் என்றது. சோம்பேறி, வீம்புக்காரர், நாய்ப்பைத்தியம் என்று எத்தனை பெயர் வைத்திருந்தேன். பயம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. பயந்துபோய் நிற்கிற மனிதரை ஸ்கூட்டரைக் காட்டி மிரட்டியிருக்கிறேன்.

வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுத்தேன். வலி அடங்கும் வரைக்கும் இழுக்க வேண்டாம், கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் போதும் என்றேன். இந்தத் தோள் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், அவசரப்பட்டால் அடம்பிடிக்கும், மாதக் கணக்கில் ஆகும் என்றும் மறைக்காமல் சொன்னேன். கட்டிங் வரைக்கும் போகுமா என்று அக்கா கேட்டாள். போகலாம், சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன்.

அப்போது அடுத்த தெருக் கடைக்காரர் போன் செய்தார். அத்தான் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"இல்லைங்க, கொடுக்கலை. தோள் சரியாகுமான்னு தெரியலை. தினமும் ஏத்திப் பாத்துட்டிருக்கோம். இன்னைக்கு ஷேவிங்ல நிக்குது."

யாரும் கேட்காமலே அத்தனையும் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தான் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெளியில போய் அழும்மா. உள்ள வர்றவங்க நான்தான் முடியை மோசமா வெட்டிட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க."