காலி செய்த குப்பைத்தொட்டி

தம்பி இறந்து இரண்டு மாதத்தில் அவனுடைய நான்கு சமூக வலைக் கணக்குகளையும் அக்கா மூடிவிட்டாள். யார் யாரோ வந்து அழுகைப் படம் ஒட்டிவிட்டுப் போனது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மூடுமுன் எல்லாவற்றையும் பதிவிறக்கவா என்று திரை கேட்டது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், மூடித் தொலை" என்றாள் அம்மா. முப்பது நாளுக்குள் உள்ளே நுழைந்தால் கணக்கு மீளும், அதன்பின் ஒரேயடியாக அழியும் என்றும் திரை சொன்னது.

அக்கா மருத்துவமனையில் நோயாளிக் கோப்புகளை அடுக்குபவள். தேவையில்லாத தாள் ஒன்று மேசையில் கிடந்தால் அவளுக்குக் கை அரிக்கும். தம்பி அவளைத் 'துடைப்பம்' என்றுதான் கூப்பிடுவான். அவன் கடவுச்சொற்களையும் அவள்தான் தன் பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்திருந்தாள், அவனுக்கு ஒன்றுகூட நினைவில் நிற்காது.

அந்த வாரமே அவள் அதையும் சுத்தம் செய்தாள். மூடிய கணக்குகளின் கடவுச்சொற்களை அதிலிருந்து நீக்கினாள். அந்த நான்குக்கும் மீட்பு முகவரியாக இருந்த பழைய மின்னஞ்சல், இனி எதற்கு என்று அதையும் மூடி, அதன் கடவுச்சொல்லையும் அழித்தாள். நீக்கியவை ஒரு மாதம் அந்த மேனேஜரின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். கிடக்க விடுவாளா? அதையும் காலி செய்தாள். அவன் சிம்மையும் ரத்து செய்தாள். மனசு லேசானது என்றுகூட நினைத்தாள், பாவி.

கணக்குகளை மூடிய இருபத்தாறாம் நாள் மாலை அம்மா ஹெட்போனோடு வந்து நின்றாள்.

"என்னைக் கிண்டல் பண்ணிப் பாடி அதுல போட்டானே, ஒரு வீடியோ. அவன் குரலைக் கேக்கணும்மா. இப்ப முடியும்னு தோணுது."

இன்னும் நான்கு நாள் இருக்கிறதே என்று அக்கா பாய்ந்து உட்கார்ந்தாள். கடவுச்சொல் இல்லை. 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினாள். மாற்றும் இணைப்பைப் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியாயிற்று என்றது திரை. அந்த மின்னஞ்சலை மீட்கப் போனால், அது தன் கடவுச்சொல்லைக் கேட்டது, இல்லையென்றால் தம்பியின் எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கேட்டது. உதவிப் பிரிவுக்கு எழுதினாள். பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது அவளேதான். யாரைத் திட்டுவாள்?

அம்மா பக்கத்து நாற்காலியில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். "போடும்மா."

"அம்மா... தொறக்க வழியில்ல. எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன்."



"வேண்டாம்னு சொன்னது நான்தானே" என்றாள் அம்மா.

ஹெட்போனை மட்டும் அவள் கழற்றவே இல்லை.