திரிந்த பாலும் உறைந்த பாலும்

காலை பத்து மணிக்கு மணி அடித்ததும் பவானி பரீட்சை ஹாலுக்குள் போய்விட்டாள். சிதம்பரத்தில் அவள் படிக்கும் பால்வளக் கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டில், தகரக் கூரை நிழலில், நாற்பத்திரண்டு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் புருஷன் இளவரசு உட்கார்ந்திருந்தான்.

அவன் மாமியார் மாரியம்மாள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக இருந்தது. முந்தாநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நேற்று சாயங்காலமே காடாம்புலியூரிலிருந்து கிளம்பி, மஞ்சக்குப்பத்தில் இளவரசின் அக்கா வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் இங்கே வந்து சேர்ந்தார்கள். அக்காவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை.

பவானிக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. சீஸ் தயாரிப்பு. முதல் தடவை நாலு மார்க்கில் போனது. இரண்டாம் தடவை வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது. இன்றைக்கு விட்டால் டிப்ளமோ கிடையாது, கடலூர்ப் பால் கம்பெனி லேபில் அவளுக்காக வைத்திருக்கும் வேலையும் கிடையாது. ஹாலை விட்டு வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தது.

இளவரசு அண்ணாகிராமத்துப் பால் சேகரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறவன். கேனைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். சந்தேகம் வந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றிக் கொதிக்கவைப்பான். துளி திரிந்தாலும் கேன் திரும்பிப் போகும். பதினோரு வருஷமாக இதே வேலை. அவனைப் பொறுத்தவரை கட்டி தட்டிய பால் என்றால் கெட்ட பால். அவ்வளவுதான்.

ஆனால் இந்த இருபது நாளாக அவன்தான் பாடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பவானிக்குப் புத்தகத்தைப் பிடிக்கக் கை இருக்காது. அவன் எதிரே உட்கார்ந்து நோட்டை எடுப்பான்.

"பாலை அறுபத்து மூணு டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணணும். கொதிக்க விடக்கூடாது. ஏன் பவானி, நல்லா கொதிச்சா என்னா?"

"கொதிச்சா ரென்னெட் போட்டாலும் கெட்டியா உறையாது மாமா. மேல படிங்க."

"முப்பது முப்பத்தொரு டிகிரிக்கு ஆற வெச்சு நல்ல கிருமி சேக்கணும். அப்புறம் பாலை உறைய வைக்க ரென்னெட்டு. அது கன்னுக்குட்டி வயித்துல இருக்கறதாமே. நம்ம கன்னுக்குட்டி இதெல்லாம் படிக்காமலே பாஸா?"

"இப்ப அதைக் கிருமிய வெச்சே செய்றாங்க. நடுவுல பேசாதீங்க, எனக்கு மறந்துடுது."

அப்படியே அவனுக்கும் பாடம் ஏறிவிட்டது. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரத உருண்டைகளின் மேலே மயிர் மாதிரி ஒரு போர்வை. அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. ரென்னெட் அந்த மயிரைக் கத்தரித்து விடுகிறது. மொட்டையான உருண்டைகளைக் கால்சியம் சேர்த்துப் பிடிக்கிறது. முக்கால் மணியில் பால் அசையாமல் நின்றுவிடும். பிறகு கத்தியால் வெட்டி, மெதுவாக முப்பத்தெட்டு டிகிரிக்குச் சூடேற்றி, மோர்த் தண்ணீரை வடித்து, கட்டிகளை அடுக்கித் திருப்பிப்போட்டு, உப்பிட்டு, அழுத்தி, குளிர்ந்த அறையில் மாதக்கணக்காக வைத்தால் வாசனை வரும்.

"ஆக, திரிஞ்சத தூக்கிப் போடாம வெச்சிருந்து விக்கிறாங்க," என்றான் ஒருநாள்.

"திரியறது வேற, உறையறது வேற. இவ்ளோ நாள் பால் வேலை பாத்துட்டு இப்படிப் பேசுறீங்களே," என்றாள் பவானி. அவள் சிரித்த குலுக்கலில் பிள்ளையின் வாய் மார்பிலிருந்து நழுவியது.

பதினொன்றரைக்குப் பிள்ளை அழுதது. பவானி எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சின்னக் கரண்டியால் கொடுத்தான். குடித்துவிட்டுத் தோளில் சாய்ந்தது. முதுகைத் தட்டினான். ஏப்பம் வந்தது. ஏப்பத்தோடு கழுத்து வழியாக ஏதோ சூடாக இறங்கியது.

திரும்பிப் பார்த்தான். சட்டை தோள் முழுக்க வெள்ளைக் கட்டி கட்டியாக, கூடவே தண்ணீர். புளித்த வாசனை.

இந்த மாதிரி ஒரு கேன் வந்தால் அவன் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரியும்.

வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அமிர்தம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ தம்பி, பால் வயித்துலயே திரிஞ்சி போச்சே. அம்மாக்காரி எங்க?"

"பரீட்சை எழுதுது."

"பரீட்சை கெடக்குது. போய்க் கூப்புடு. பெத்தவ கைல குடுத்தாத்தான் புள்ள தெம்பாவும். நான் வேணா சொல்லி விடட்டா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இளவரசு வராந்தாவில் ஏறினான். ஹால் கதவுவரை போனான். கம்பி வழியாகப் பவானியின் முதுகு தெரிந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு மறுபடி எழுதினாள்.

கூப்பிட வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

உள்ளே போன பால் உறையாமல் வந்தால்தானே ஆச்சரியம்? வயிறு பாலை உறைய வைக்கத்தானே வேண்டும்? மனிதப் பிள்ளைக்குக் கன்றுக்குட்டியின் ரென்னெட் கிடையாது. வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அந்த வேலையைச் செய்கின்றன என்று பவானி நோட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். உறைந்தால் மெதுவாகச் செரிக்கும் என்றும் எழுதியிருந்தாள். அமிலம் இருந்தால் புளித்த வாசனை வராமல் என்ன செய்யும்?

ஸ்டாண்டுக்குத் திரும்பினான். கேனைச் சோதிப்பவன்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தோளில் கட்டி மென்மையாக இருந்தது. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, ரத்தக் கீற்று இல்லை. பீய்ச்சி அடிக்கவில்லை, ஏப்பத்தோடு வழிந்திருக்கிறது. நெற்றி சூடில்லை. இடுப்புத் துணி மூத்திரத்தில் நனைந்திருக்கிறது, உடம்பில் தண்ணீர் குறையவில்லை. பிள்ளை தகரக் கூரையைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"கூப்புடலியா?" என்றாள் அமிர்தம்.

"இல்லக்கா. இது திரியல, உறைஞ்சிருக்கு. எல்லாப் புள்ளைக்கும் வயித்துல உறையும். ஏப்பத்துல கொஞ்சம் மேல வந்துடுச்சி."

"நீ டாக்டரா?"

"பால்காரன்."

அமிர்தம் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து, முந்தானையை நனைத்து, பிள்ளையின் தாடையைத் துடைத்துவிட்டாள். "மறுபடி கக்குச்சுனா நான் யாரையும் கேக்க மாட்டேன், நேரா உள்ள போயி இழுத்தாந்துடுவேன்," என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி பிள்ளை கக்கவில்லை. இளவரசுதான் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து கதவுவரை போய்வந்தான்.

ஒரு மணிக்குப் பவானி வந்தாள். புடவை முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. பிள்ளையை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாலைக் கொடுத்த பிறகுதான் பேசினாள்.

"கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன் மாமா. உறையறதுக்குப் பத்து மார்க்கு. சீஸைப் பழுக்க வைக்கறதுக்கு எட்டு. புரதம் உடைஞ்சி, கொழுப்பு உடைஞ்சி எப்படி வாசனை வருதுன்னு ரெண்டு பக்கம்." நிமிர்ந்தவள் அவன் தோளைப் பார்த்தாள். "என்னா இது? கக்குச்சா?"

"கக்குச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"எதுக்கு? நல்லாத்தான் இருந்துச்சி. பெப்சின்."

பவானி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா இல்லியா மாமா?"

"இல்லாம என்னா? ரெண்டு தடவ அந்தக் கதவு வரைக்கும் வந்தேன். நீ எழுதிட்டிருந்தே."

பவானி பிள்ளையைப் பிடிக்காத கையை நீட்டி, அவன் சட்டையில் காய்ந்துபோயிருந்ததை நகத்தால் மெல்லச் சுரண்டிவிட்டாள்.